ஹாட்பாரில் ஸ்லாட் தவறுகிறதா? நம்பர் கீ, ஸ்க்ரோல் வீல் இரண்டுக்கும் அறிகுறி வாரியாகச் சரிபார்க்கும் முறை

மைன்கிராஃப்டில் கட்டை அடுக்கும்போது கையில் வரவேண்டிய பொருள் வராமல், திரையின் அடியில் இருக்கும் பொருள் வரிசையான ஹாட்பாரில் பக்கத்து ஸ்லாட்டில் இருந்தது வந்து நிற்பது அடிக்கடி எழும் புகார். மவுஸ் பழுது என்று பலர் நேராக முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் காரணம் அமைப்புத் திரையில் இருக்கும் ஒரு பட்டன்தான். கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தை முதலிலும் காசு செலவாகும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறோம். மெனுப் பெயர்களும் எண்களும் மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்புக்கானவை. முன்பு மைன்டெஸ்ட் எனப்பட்ட லுவாண்டியில் மாறும் இடங்களை அங்கங்கே குறிப்பிடுகிறோம்.

ஒன்றை மட்டும் முன்பே மனதில் வையுங்கள். நம்பர் கீ, "5-ஆம் ஸ்லாட்டுக்குப் போ" என்று நேராகச் சொல்கிறது. வீல், "இப்போது இருக்கும் இடத்திலிருந்து ஒன்று தள்ளு" என்று மட்டுமே சொல்கிறது. அதனால் கீ ஒருமுறை தவறினால் அந்தத் தவறு அதோடு முடிந்துவிடும். வீல் ஒரு படி தவறினால் அடுத்து நீங்கள் உருட்டும் ஒவ்வொன்றும் அந்தத் தவறின் மேலேயே ஏறும். கோளாறு எந்தப் பக்கம் என்று பிரிக்க இதுவே முதல் துப்பு: தவறு சேர்ந்துகொண்டே போனால் வீல், விட்டுவிட்டு வந்தால் கீ.

வீலை உருட்டும்போது விரலில் "டக்" என்று படும் ஒவ்வொரு அசைவையும் இங்கே ஒரு படி என்கிறோம்.

அறிகுறி 1: ஒரு படிக்கு இரண்டு மூன்று ஸ்லாட் தாவுகிறது, அல்லது முதல் படிக்கு நகரவே இல்லை

இரண்டும் எதிரெதிர் கோளாறு போலத் தெரியும். ஆனால் இரண்டையும் ஆளும் அமைப்பு ஒன்றே. `Options` → `Controls` → `Mouse Settings` திறங்கள். அங்கே `Scroll Sensitivity`, `Discrete Scrolling` என்று இரண்டு இருக்கும். முதலில் `Scroll Sensitivity`-ஐ 1.00-க்குக் கொண்டுவாருங்கள். அதைச் செய்யாமல் அடுத்ததைத் தொட்டால் எது சரிசெய்தது என்றே தெரியாது.

*தாவுகிறது என்றால்:* `Discrete Scrolling` `ON`-இல் இருக்கிறதா பாருங்கள். தடையின்றிச் சுழலும் வீல் உள்ள சில மவுஸ்களும் டச்பேடும், ஒரு முழுப் படியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக உடைத்து அனுப்பும். `Discrete Scrolling` `ON`-இல் இருந்தால் விளையாட்டு ஒவ்வொரு துண்டையும் முழுப் படியாக எண்ணும். மெல்ல விரல் வைத்தாலே ஹாட்பார் ஓடிவிடுவது இதனால்தான். `OFF` செய்தால் துண்டுகள் சேர்ந்து முழு ஒன்று ஆனபிறகே ஸ்லாட் நகரும்.

`OFF`-இல் இருந்தும் தாவினால் `Scroll Sensitivity`-ஐச் சந்தேகியுங்கள். ஒரு படியை எட்டுத் துண்டாக அனுப்பும் மவுஸ் என்று வையுங்கள். 1.00-இல் எட்டுத் துண்டும் சேர்ந்து ஒரு ஸ்லாட். 4.00-இல் இரண்டு துண்டுக்கே ஒரு ஸ்லாட், அதாவது ஒரு படிக்கு நான்கு ஸ்லாட். படிக்கு ஒரே சமிக்ஞை அனுப்பும் சாதாரண மவுஸில் 1.00-க்கு மேல் ஏற்றினாலும் ஒரு சமிக்ஞைக்கு ஒரு ஸ்லாட்டுக்கு மேல் நகராது. ஆகவே ஒரே அமைப்பு நண்பர் கணினியில் ஒழுங்காகவும் உங்களிடம் தாறுமாறாகவும் நடப்பதில் வியப்பில்லை.

*முதல் படிக்கு நகரவில்லை என்றால்:* இது மேக் கணினியில் சாதாரண மவுஸ் வைத்திருப்பவர்களுக்கு அதிகம் வரும். அந்த இயங்குதளம் உருட்டும் வேகத்தைப் பார்த்து அளவைக் கூட்டிக் குறைக்கிறது. மெதுவாக ஒரு படி உருட்டினால் மிகச் சிறிய அளவே விளையாட்டுக்கு வந்து சேரும், அது முழு ஒன்று ஆகாததால் ஸ்லாட் அசையாது. இங்கே மருந்து நேர் எதிர்: `Discrete Scrolling`-ஐ `ON` செய்யுங்கள். எவ்வளவு சிறிய அளவு வந்தாலும் ஒரு படியாக எடுத்துக்கொள்ளும்.

விண்டோஸில் "ஒரு படிக்கு எத்தனை வரி நகர வேண்டும்" என்ற மவுஸ் அமைப்பை மாற்றிப் பார்ப்பதில் நேரம் வீணாக்க வேண்டாம். அது பக்கங்களை உருட்டும் செயலிகளுக்கானது. ஜாவா பதிப்பு அதைப் பார்ப்பதே இல்லை.

விளையாட்டை மூடிவிட்டு `options.txt` கோப்பிலும் இவற்றைச் சரிபார்க்கலாம். திறந்திருக்கும்போது திருத்தினால் விளையாட்டு அதன்மேல் தன் மதிப்பை எழுதிவிடும்.

```
mouseWheelSensitivity:1.0
discrete_mouse_scroll:false
```

அறிகுறி 2: ஒரே திசையில் உருட்டும்போது நடுவில் பின்னால் போகிறது

மேலே உள்ள இரண்டு அமைப்புகளையும் பார்த்தபிறகும் இது நீடித்தால் பெரும்பாலும் மவுஸின் உள்ளேதான் கோளாறு. உறுதிசெய்ய ஹாட்பாரையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். அதில் 9 ஸ்லாட். 9-ஐத் தாண்டினால் 1-க்கே திரும்பும். ஆகவே 9-இன் மடங்கில் எத்தனை படி உருட்டினாலும் தொடங்கிய இடத்துக்கே வர வேண்டும்.

உலகத்துக்குள் நின்று `1` அழுத்துங்கள். வீலைக் கீழ்நோக்கி, ஒரு வினாடிக்கு ஒரு படி வீதம் 27 படி உருட்டுங்கள். வாய்விட்டு எண்ணுங்கள், கண் ஹாட்பாரிலேயே இருக்கட்டும். கீழ்நோக்கி உருட்டினால் தேர்வு வலப்பக்கம் நகர்வதுதான் இயல்பு. 27 முடிந்ததும் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

1-ஆம் ஸ்லாட்டில் நின்றால், நடுவிலும் தேர்வு பின்னால் போகாதிருந்தால், வீல் நன்றாக இருக்கிறது. 9-இல் நின்றால் ஒரு படி பதிவாகவில்லை. 2-இல் நின்றால் ஒரு படி இரண்டாகப் பதிவாகியிருக்கிறது. 8-இல் நின்றால் இரண்டு வகையாக நடந்திருக்கலாம்: இரண்டு படி காணாமல் போயிருக்கும், அல்லது ஒரே ஒரு படி திசை மாறிப் பதிவாகியிருக்கும். வலப்பக்கம் ஒன்று போக வேண்டிய இடத்தில் இடப்பக்கம் ஒன்று போனால் மொத்தத்தில் இரண்டு குறையும். எது என்று சொல்ல எண்ணிக்கை போதாது, அதற்காகத்தான் கண்ணை ஹாட்பாரில் வைக்கச் சொன்னோம். தேர்வுச் சட்டம் ஒருமுறை இடப்பக்கம் துள்ளியதைப் பார்த்திருந்தால் அது திசை மாறல். அப்படித் துள்ளாமல் இரண்டு இடத்தில் வெறுமனே நின்றிருந்தால் படி தவறல்.

லுவாண்டியில் ஹாட்பார் வழக்கமாக 8 ஸ்லாட். அங்கே 24 படி உருட்டுங்கள். விளையாட்டுத் தொகுப்பைப் பொறுத்து ஸ்லாட் எண்ணிக்கை மாறும், எண்ணிப் பார்த்துவிட்டு அதன் மூன்று மடங்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

காரணங்களை இந்த வரிசையில் நீக்குங்கள்:

*கம்பியில்லா இணைப்பு.* மின்கலத்தை மாற்றுங்கள். ரிசீவரை யுஎஸ்பி 3 போர்ட்டில், அதுவும் வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு அருகில் செருகியிருந்தால் 2.4 கிகாஹெர்ட்ஸில் இடையூறு வரும். ஒரு நீட்டிப்புக் கேபிள் போட்டு ரிசீவரை மவுஸ் பக்கம் கொண்டுவந்து மறுபடி 27 உருட்டுங்கள். இணைப்புக் கோளாறில் படிகள் காணாமல் போகும், ஆனால் திசை மாறாது. திசை மாறுகிறது என்றால் இந்தக் கட்டத்தைத் தாண்டிவிடலாம்.

*தூசியும் முடியும்.* மவுஸைக் கணினியிலிருந்து கழற்றி, வீல் இடுக்கில் காற்றுப் பீய்ச்சியைப் பல கோணங்களில் குறுகிய வீச்சாகப் பிடியுங்கள். ஒளியால் படிகளை எண்ணும் வீல் என்றால், உள்ளே சிக்கிய ஒரு முடியே திசையைக் குழப்பப் போதும், இதிலேயே சரியாகிவிடும்.

*என்கோடர் தேய்வு.* வீலின் படிகளை எண்ணும் உறுப்பான இயந்திர என்கோடரில் உலோகத் தொடுமுனைகள் தேய்ந்தோ கறுத்தோ போனால் ஒரு படிக்குள்ளேயே தொடர்பு விட்டுவிட்டு வரும். சில நாள் தள்ள ஒரு வழி இருக்கிறது: `Scroll Sensitivity`-ஐ 0.50 ஆக்குங்கள். அப்போது இரண்டு படி சேர்ந்தால்தான் ஒரு ஸ்லாட் நகரும். நடுவில் தவறாக வரும் ஒற்றைப் பின்படி அரையாகவே நிற்கும். அடுத்த முன்படி வந்ததும் விளையாட்டு அந்த அரையைத் துடைத்துவிடும், தேர்வு பின்னால் துள்ளாது. விலை, ஒரு சுற்றுக்கு 9 படி போதும் என்பது 18 ஆவது. பழகிய விரலுக்கு இது தொந்தரவுதான், நிரந்தரத் தீர்வாக நினைக்க வேண்டாம்.

*எப்போது ஆளைக் கூப்பிடுவது:* உத்தரவாதக் காலம் இருந்தால் திறக்கவே திறக்காதீர்கள், மாற்றித் தரச் சொல்லுங்கள். காலம் முடிந்திருந்தால், என்கோடரை மாற்றுவது மூன்று கால்களைச் சூடாக்கி எடுத்துப் புதியதைச் சால்டர் செய்யும் வேலை. பலகை சிறியது, பக்கத்துத் தடங்கள் எளிதில் பெயர்ந்துவிடும். சால்டரிங் பழக்கம் இல்லாதவர்கள் மின்னணுப் பழுது பார்ப்பவரிடம் கொடுப்பதே நல்லது. கொடுக்கும்போது "என்கோடர், பழையதன் உயரமே வேண்டும்" என்று சொல்லுங்கள். என்கோடர்கள் பல உயரங்களில் வருகின்றன. ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் வீல் மேல் ஓட்டில் உரசும், குறைந்தால் நடுப்பட்டன் சரியாக அமுங்காது. விலை குறைந்த மவுஸ் என்றால் பழுதுக் கூலிக்குப் புதிதே வாங்கிவிடலாம்.

அறிகுறி 3: நம்பர் கீ சில நேரம் மட்டும் வேலை செய்கிறது

முதல் கிளை: `T` அழுத்திச் சாட்டைத் திறந்து 1 முதல் 9 வரை தட்டுங்கள்.

*ஓர் எண் சாட்டிலும் விழவில்லை:* அந்தக் கீயே பழுது. மூடியைக் கழற்றித் துடைத்துப் பாருங்கள். மடிக்கணினியில் மூடியின் கொக்கிகள் எளிதில் உடையும், அங்கே கைவைப்பதற்குமுன் பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள்.

*சாட்டில் விழுகிறது, ஸ்லாட் மாறவில்லை:* `Controls` → `Key Binds` போய் `Hotbar Slot 1` முதல் `Hotbar Slot 9` வரை பாருங்கள். ஏதேனும் ஒன்றுக்கு வேறு வேலையும் ஒட்டியிருந்தால் அந்த வரி சிவப்பாகக் காட்டும். மோட் தொகுப்பு போட்டபிறகு இது சகஜம். நீங்கள் தட்டுவது விசைப்பலகையின் வலப்பக்க எண் தொகுதியா என்றும் கவனியுங்கள். அதுவும் சாட்டில் எண்ணாகவே விழும், ஆனால் ஹாட்பாருக்கு மேல்வரிசை எண்கள்தான் ஒதுக்கப்பட்டிருக்கின்றன.

*நின்றுகொண்டு தட்டினால் சரி, ஓடும்போதோ குனிந்து கட்டும்போதோ மட்டும் தவறுகிறது:* இதுதான் அதிகம் குழப்புவது. பல விசைப்பலகைகளில் குறிப்பிட்ட சில கீக்களை ஒன்றாகப் பிடித்தால் அடுத்த கீ பதிவாகாது. எந்தக் கூட்டணி அடைபடும் என்பது விசைப்பலகைக்கு விசைப்பலகை மாறும், அதனால் உங்களுடையதைச் சோதித்தே ஆக வேண்டும். பாதுகாப்பான சமதளத்தில் நின்று `W`-உம் `Space`-உம் பிடித்தபடி 1 முதல் 9 வரை ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். எது பதியவில்லையோ குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து `W`, `A`, `Space` மூன்றையும் பிடித்து அதையே செய்யுங்கள். கடைசியாகப் பாலம் கட்டும் பிடி: `S`, `Left Shift`. தவறும் எண்கள் ஒவ்வொரு முறையும் அதே எண்களாக இருந்தால் விசைப்பலகையின் அமைப்பே அப்படி. பழுது பார்ப்பவரால் இதற்கு எதுவும் செய்ய முடியாது.

செலவில்லாமல் தப்ப இரண்டு வழி. `Controls`-இல் `Sneak`-ஐ `Toggle` ஆக்கினால் குனிந்திருக்கும்போது `Shift`-ஐப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டாம், பிடிக்கும் கீ ஒன்று குறையும். அல்லது அடைபடும் எண்ணின் ஸ்லாட்டை மவுஸின் பக்கப் பட்டனுக்கு மாற்றிவிடுங்கள். மவுஸ் பட்டன்கள் விசைப்பலகையோடு மோதாது. இரண்டும் ஒத்துவரவில்லை என்றால்தான் எத்தனை கீ பிடித்தாலும் எல்லாம் பதியும் விசைப்பலகைக்குச் செலவு செய்யுங்கள்.

*எல்லா எண்ணும் வேகமாகத் தட்டினால் விழுவதில்லை, அழுத்திப் பிடித்தால் விழுகிறது:* விண்டோஸில் `Filter keys` தானாக இயங்கியிருக்கும். வலப்பக்க `Shift`-ஐ 8 வினாடி பிடித்தால் அது தூண்டப்படும். குனிவதற்கு வலப்பக்க `Shift`-ஐ வைத்திருப்பவர்கள் இதில் மாட்டுவார்கள். `Settings` → `Accessibility` → `Keyboard` போய் அதை நிறுத்துங்கள், அதன் குறுக்குவழியையும் சேர்த்து நிறுத்துங்கள். இல்லையேல் நாளை மறுபடி வரும்.

அறிகுறி 4: ஸ்லாட் மாறவில்லை, ஹாட்பாரில் இருந்த பொருள்களே மாறிவிட்டன

கிரியேட்டிவ் முறையில் ஒன்பதும் ஒரே நொடியில் மாறினால் `X` கீயைத் தொட்டபடி எண்ணைத் தட்டியிருக்கிறீர்கள். `C` பிடித்து எண் தட்டினால் இப்போதைய ஹாட்பார் அந்த எண்ணில் சேமிக்கப்படும். `X` பிடித்து எண் தட்டினால் சேமித்தது திரும்ப வரும். கட்டை விரல் `Space`-க்குப் போகும் வழியில் `X`, `C` இரண்டும் இருக்கின்றன. பயன்படுத்தாதவர்கள் `Key Binds`-இல் `Load Hotbar Activator`, `Save Hotbar Activator` இரண்டையும் தேர்ந்தெடுத்து `Esc` தட்டி வெறுமையாக்கிவிடுங்கள். பயன்படுத்துகிறவர்கள் அவற்றை எட்டாத கீக்குத் தள்ளுங்கள். `C`-யால் தவறிச் சேமித்தது இன்னும் மோசம்: அந்த எண்ணில் முன்பு சேமித்திருந்த தொகுப்பின்மேல் எழுதிவிடும்.

ஒரே ஒரு பொருள் மாறியிருந்தால் இரண்டு இடத்தைப் பாருங்கள். இன்வென்டரி திறந்திருக்கும்போது சுட்டி ஒரு பொருளின்மேல் இருக்க, எண்ணைத் தட்டினால் அந்தப் பொருள் அந்த ஸ்லாட்டுக்கு இடம் மாறும். இது கோளாறு அல்ல, ஹாட்பாரை அடுக்க இதைவிட வேகமான வழி இல்லை. மற்றொன்று, வீலை உருட்டும்போது அழுத்தமும் சேர்ந்து நடுப்பட்டன் அமுங்குவது. அது `Pick Block`: எதிரில் இருக்கும் கட்டையைக் கைக்குக் கொண்டுவரும். உருட்டும்போது எதிர்பாராமல் கல்லோ மண்ணோ கைக்கு வந்தால் இதுவேதான். `Pick Block`-ஐப் பக்கப் பட்டனுக்கு மாற்றினால் தீரும்.

அறிகுறி 5: வீல் ஹாட்பாரைத் தொடவே இல்லை

ஸ்பெக்டேட்டர் முறையில் வீல் பறக்கும் வேகத்தை மாற்றும், எண்கள் அந்த முறையின் மெனுவைத் திறக்கும். முறையை மாற்றினால் போதும்.

மேக்கில் குனிந்திருக்கும்போது மட்டும் வீல் செத்துப்போனால், `Shift` பிடித்து உருட்டுவதை இயங்குதளம் கிடைமட்ட உருட்டலாக மாற்றிவிடுகிறது. பழைய ஜாவா பதிப்புகள் அதைக் கண்டுகொள்ளாது. புதிய பதிப்புக்குப் போகலாம், அல்லது `Sneak`-ஐ வேறு கீக்கு மாற்றலாம், அல்லது குனிந்து கட்டும்போது நம்பர் கீயை மட்டும் நம்பலாம்.

லுவாண்டியில் வீல் தேர்வையே நிறுத்தும் அமைப்பு உண்டு. `minetest.conf`-இல் பாருங்கள்:

```
enable_hotbar_mouse_wheel = true
invert_hotbar_mouse_wheel = false
```

இரண்டாவது வரி திசையைப் புரட்டும், புதிய பதிப்புகளில்தான் இருக்கும். வீல் பழுதாகி மவுஸ் வரும்வரை காத்திருப்பவர்களுக்கு லுவாண்டியில் `B` முந்தைய ஸ்லாட்டுக்கும் `N` அடுத்த ஸ்லாட்டுக்கும் போகும்.

அறிகுறி 6: கருவி எல்லாம் சரி, ஆனாலும் அவசரத்தில் தவறான ஸ்லாட்

27 படிச் சோதனையும் கீச் சோதனையும் தேறிவிட்டன என்றால், இனி மாற்ற வேண்டியது ஒதுக்கீடு. `W A S D`-இல் கை வைத்தபடி 1 முதல் 4 வரை எல்லோருக்கும் எட்டும், 5 பலருக்கு எட்டும். 6-க்கு மேல் போக கை `W`-ஐ விட்டு எழ வேண்டும், அந்த நொடியில் ஆள் நின்றுவிடுவார். 1, 2-க்குக் கீழேயே `Q` இருப்பதும் ஒரு ஆபத்து. விரல் சற்றுத் தாழ்ந்தால் கையில் இருப்பது கீழே விழும். எரிகுழம்புக்குமேல் நின்று கட்டுபவர்கள் `Drop Selected Item`-ஐ முதலில் தொலைவுக்குத் தள்ள வேண்டும்.

எங்கள் பரிந்துரை, இரண்டையும் கலப்பது. உயிர் காக்கும் பொருள்கள், அதாவது வாள், உணவு, தண்ணீர் வாளி, எட்டும் எண்களில் மட்டும் இருக்கட்டும், அவற்றுக்கு வீலைத் தொடவே வேண்டாம். சுவர் எழுப்பும் கட்டை வகைகளை 6, 7, 8 என்று அடுத்தடுத்து வையுங்கள். கட்டும்போது அவற்றுக்குள் ஒரு படி முன்னே, ஒரு படி பின்னே என்று வீலால் போய்வாருங்கள். இரண்டு படிக்கு மேல் உருட்ட வேண்டியிருந்தால் அது நம்பர் கீக்கான வேலை.

அந்தத் தொகுதிக்குள் நுழைய ஒரு கீ வேண்டும். 7-ஐ மவுஸின் பக்கப் பட்டனுக்குக் கொடுத்தால் நடுவில் போய் இறங்கலாம், அங்கிருந்து 6-உம் 8-உம் ஒரு படி தூரம்தான். 9-ஐ `R`-க்குக் கொடுக்கலாம், அது இயல்பாகக் காலியாக இருக்கும். `options.txt` கோப்பில் இவை இப்படி இருக்கும்:

```
key_key.hotbar.7:key.mouse.4
key_key.hotbar.9:key.keyboard.r
```

மாற்றியபின் `Key Binds` திரையை ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்து, சிவப்பு எதுவும் இல்லை என்று உறுதிசெய்யுங்கள். பக்கப் பட்டனை மவுஸின் சொந்தச் செயலி வேறு வேலைக்குப் பிடித்து வைத்திருந்தால் விளையாட்டுக்கு அது வந்து சேராது. `Hotbar Slot 7`-ஐத் தேர்ந்தெடுத்துப் பட்டனை அழுத்தும்போது `Button 4` என்று எழுத்து வந்தால் வந்துசேர்கிறது என்று பொருள். வரவில்லை என்றால் அந்தச் செயலியில் பட்டனை இயல்பு நிலைக்குத் திருப்பிவிட்டு மறுபடி ஒதுக்குங்கள்.